நாலே முக்காலுக்கு ஒரு மணி

பள்ளி வேன் நாலரைக்கு வாசலில் நிற்கிறது. நான்காம் வகுப்புப் பையன் உள்ளே வருகிறான், வீட்டில் பாட்டி மட்டும். அம்மா வர ஏழு மணியாகும். டிபன் பாக்ஸ் பையிலேயே கிடக்கிறது. டைரியில் மிஸ் எழுதியனுப்பியது ராத்திரி பத்து மணிக்குத்தான் தெரியவருகிறது. பல வீடுகளில் நடப்பதுதான். ஹாலில் கிடக்கும் டேப்லெட்டை வைத்தே இதைச் சரிசெய்யலாம்.

முதலில் மணி. ஆப் அனுப்பும் நோட்டிஃபிகேஷனை நம்ப வேண்டாம். எல்லோரும் தொடும் டேப்லெட்டில், கார்ட்டூன் பார்க்கும் தங்கை அதை ஒரே விரலில் தள்ளிவிடுவாள். டேப்லெட்டின் கடிகாரத்திலேயே திங்கள் முதல் வெள்ளி வரை 4:45க்கு அலாரம் வையுங்கள். யாரும் நிறுத்தாவிட்டால் சில நிமிடங்களாவது தொடர்ந்து அடிக்கும், பாட்டிக்கும் கேட்கும். சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தால் அடிக்காது. அதனால் டேப்லெட்டுக்கு ஹாலில் சார்ஜரோடு ஒரு நிலையான இடம் வேண்டும்.

அடுத்தது பட்டியல். கூகுள் கீப்பில் டிக் அடிக்கும் குறிப்பு ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் அம்மாவின் போனோடு பகிர்ந்தால் போதும். டேப்லெட்டில் அம்மாவின் கணக்கையே திறந்து வைத்தால் அவருடைய மற்ற குறிப்புகளும் பையன் கண்ணில் படும். ஆகவே டேப்லெட்டுக்கெனத் தனி மின்னஞ்சல் கணக்கு நல்லது. 'ஒழுங்காகப் படி' என்று எழுதினால் ஐந்து நொடியில் டிக் விழுந்துவிடும். 'டிபன் பாக்ஸைத் தொட்டியில் போடு', 'டைரியை மேஜைமேல் திறந்து வை', 'கணக்கு நோட்டை டைரிக்குப் பக்கத்தில் வை' என்று எழுதுங்கள். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய வேலைகளாக, நாலைந்து வரிகள் போதும்.

இனி அம்மாவின் பார்வை. பஸ்ஸில் வரும்போதே போனில் பார்க்கலாம். டிக்கை மட்டும் பார்க்காமல், குறிப்பின் அடியில் வரும் கடைசித் திருத்த நேரத்தையும் பாருங்கள். எல்லா வரியும் டிக் ஆகியிருந்து நேரம் 4:46 என்றால், வேலை நடக்கவில்லை, விரல் மட்டும் நடந்திருக்கிறது. நேற்றைய தேதி தெரிந்தால் பையனைத் திட்டாதீர்கள். கரண்ட் போய் வைஃபை அணைந்திருக்கலாம். இணைப்பு வந்தபிறகுதான் டிக் உங்கள் போனுக்கு வரும்.

தினமும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பட்டியல் ஆப்களும் உண்டு. எனக்கு அவை பிடிக்கவில்லை. கீப்பில் டிக்குகளை யாராவது ஒருவர் மெனுவுக்குள் போய் அழிக்க வேண்டும். அதை அம்மா செய்யட்டும், வீட்டுக்கு வந்து டைரியில் கையெழுத்துப் போட்டபிறகு. அழிக்க மறந்தால் மறுநாள் பையனுக்கு எல்லாம் முடிந்ததாகவே காட்டும். இரண்டு நாள் அப்படிக் கண்டால், யாரும் பார்ப்பதில்லை என்று அவன் புரிந்துகொள்வான். பட்டியல் அத்தோடு செத்தது.

அலாரத்துக்கு முன்பே டைரி மேஜைக்கு வரத் தொடங்கினால், அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.