புதுப் பெயின்ட்டுக்கு உள்ளே இருக்கும் தூண்

வில்லங்கச் சான்றைப் பார்த்து, மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டி, பிறகுதான் கட்டடத்துக்கு முன்பணம் கொடுக்கிறோம். ஆனால் அந்தக் கட்டடத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பத்திரம் சொல்லாது. அதைச் சொல்வது, வாங்குபவர் சார்பில் பொறியாளர் எழுதும் தொழில்நுட்ப ஆய்வறிக்கை. லிஃப்ட், மின் இணைப்பு, தீயணைப்புக் குழாய், மொட்டைமாடி எல்லாம் அதில் வரும். நான் முதலில் புரட்டுவது தூண்களைப் பற்றிய பக்கத்தைத்தான். லிஃப்டை மாற்றிவிடலாம்; தூணை மாற்றுவது எளிதல்ல.

சென்னையில் 25 வயதான நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தரைக்குக் கீழே வண்டி நிறுத்தும் தளம், எல்லாத் தூணிலும் புதுப் பெயின்ட். பொறியாளர் ஒரு தூணின் ஓரத்தைச் சிறிது கொத்தி, உடைந்த புதுமுகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்கிறார். உட்புறம் இளஞ்சிவப்பாகிறது, வெளியோரம் 20 மி.மீ. ஆழத்துக்கு நிறமே மாறவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு அதுவரை நுழைந்து, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைப் போக்கிவிட்டது என்று பொருள்.

இந்த நுழைவு ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நகரும். 25 ஆண்டில் 20 மி.மீ. என்றால், 40 மி.மீ.யைத் தொட நூறு ஆண்டு ஆகும். இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 தூண் கம்பிக்கு மேல் பொதுவாகக் கேட்கும் கான்கிரீட் கனமும் 40 மி.மீ. தான். ஆக, ஒழுங்காகக் கட்டிய தூணுக்கு இந்த வழியில் இன்னும் 75 ஆண்டு இருக்கிறது. ஆனால் கவர் மீட்டரை வைத்துப் பார்த்தால் மூலைத் தூணில் கனம் 20 மி.மீ. மட்டுமே. அங்கே காப்பு இப்போதே போய்விட்டது.

அப்படியும் உலர்ந்த இடத்தில் துரு மெதுவாகத்தான் ஏறும். அந்த மூலைத் தூணுக்கு மேலே கழிவறைக் குழாய் பல வருடமாகக் கசிகிறது. அன்றே பிளம்பரைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நாள் வேலை. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளி, கம்பி ஓடும் வாக்கில் செங்குத்தாக வெடிப்பு விடும். இப்போது முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்புறம்வரை கொத்தி, துரு நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, மைக்ரோ கான்கிரீட் ஊற்ற வேண்டும். தள்ளிப்போட்ட பழுது இப்படித்தான் வளர்கிறது.

அறிக்கையின் கடைசி அட்டவணை பழுதுகளை உடனே, இரண்டு ஆண்டுக்குள், பத்து ஆண்டுக்குள் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் செலவு போடும். ‘உடனே’ என்ற வரிசையின் கூட்டுத்தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். விற்பவர் குறைக்க மறுத்தால், வேலை முடியும்வரை அந்தத் தொகையைப் பிடித்துவைக்க ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

‘பார்க்க முடியாதவை’ என்ற பகுதியையும் விடாதீர்கள். மூன்று தூணைக் கொத்திப் பார்த்தவர் முப்பது தூணுக்கும் உத்தரவாதம் தர முடியாது. கடலோரமோ உப்பு நீர் போர்வெல்லோ என்றால், பினாப்தலீன் மட்டும் போதாது. காரம் குறையாத கான்கிரீட்டிலும் உப்பு கம்பியைத் தின்னும். அதற்குக் குளோரைடு சோதனை தனியாகச் செய்ய வேண்டும். விற்பவர் கொத்தவே விடவில்லை என்றால், அதையும் பெயர் சொல்லி அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.