மழைக்கு முன்னே எழுதும் எஸ்.ஓ.பி.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வந்துவிடும். நம்மூர் வடகிழக்குப் பருவமழை அந்தத் தேதியைப் பார்த்துப் பெய்வதில்லை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். லாஸ்பேட்டையில் நிலத்தடி நீரை வைத்து எம்.எஸ்சி. ஆய்வு செய்கிற மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் ஒரு சுற்று, மழைக்குப் பின் ஒரு சுற்று என்று போர்வெல்களில் மாதிரி எடுத்தால்தான் அவள் ஆய்வு முழுமையாகும். இரண்டாவது சுற்று ஜனவரியில்தான் நடக்கும். எஸ்.ஓ.பி.யையோ நவம்பரிலேயே எழுதியாக வேண்டும்.

இந்த நெருக்கடியில் பிள்ளைகள் வழக்கமாக என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? "லாஸ்பேட்டை முதல் சோலை நகர் கடற்கரை வரையிலான நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பதை என் ஆய்வு நிறுவியுள்ளது." இதை எழுதுகிறவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. எப்படியும் அப்படித்தான் வரப்போகிறது, வாசிப்பவர் கைக்குப் போகும்போது முடிந்திருக்கும் என்று நினைக்கிறாள். டீ ஆறுவதற்குள் இந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கையில் உண்மையில் என்ன இருக்கிறது? முதல் சுற்றில் எடுத்த தண்ணீர் பாட்டில்கள். அவற்றில் குளோரைடு பார்த்திருக்கிறாள். கூம்புக் குடுவையில் தண்ணீரை அளந்து ஊற்றி, பொட்டாசியம் குரோமேட் சில துளி விட்டு, பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பி அப்படியே நின்றால் அதுதான் முடிவுப்புள்ளி. கடற்கரை ஓரத்துக் கிணறுகளில் நிறம் மாற அதிக சில்வர் நைட்ரேட் செலவானது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க அளவான லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டியது. உள்ளே வர வர அது குறைந்தது. இவ்வளவுதான் அவள் கண்டது.

குளோரைடு கூடியிருப்பதற்குக் கடல்தான் காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. பக்கத்தில் செப்டிக் டேங்க் கசிந்தாலும் குளோரைடு ஏறும். மண்ணடுக்கில் பழைய காலத்திலிருந்தே தங்கிய உப்பாகவும் இருக்கலாம். பிரித்தறியச் சோடியத்தையும் அளந்து விகிதம் போட வேண்டும். கடல்நீரில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள மோல் விகிதம் சுமார் 0.86. கழிவுநீர் கலந்த இடத்தில் அது பொதுவாக 1-ஐத் தாண்டி நிற்கும். நம் மாணவி இன்னும் சோடியம் அளக்கவில்லை. ஃபிளேம் போட்டோமீட்டருக்கு வரிசையில் நிற்கிறாள். மழை இறங்கியபின் கடலோரத்தில் உப்பு குறைகிறதா என்பதும் ஜனவரிக்குப் பிறகுதான் தெரியும்.

ஆக, 'நிறுவியுள்ளது' என்ற வாக்கியத்துக்கு இரண்டு அளவீடுகள் பாக்கி. அதற்காகப் பயந்துகொண்டு "ஒருவேளை ஊடுருவியிருக்கக்கூடும் என்று தோன்றுவதாகக் கருதலாம்" என்று குழைவதும் உதவாது. அதைப் படிக்கிற பேராசிரியருக்கு அவள் என்ன செய்தாள் என்பதே புரியாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கடற்கரையிலிருந்து லாஸ்பேட்டை நோக்கி ஒரே கோட்டில் கிணறுகளைத் தேர்ந்து, பருவமழைக்கு முந்தைய மாதிரிகளில் குளோரைடை அளந்துவிட்டேன். கடலை நெருங்க நெருங்க அது கூடுகிறது. இது கடல்நீரா, கழிவுநீரா என்று குளோரைடை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; அதற்காகச் சோடியத்தை இந்த மாதம் அளக்கிறேன். விகிதம் 0.86-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் கடல்நீர் என்ற விளக்கம் வலுக்கும். 1-ஐத் தாண்டினால் கழிவுநீர்க் கசிவைத் தேடிப் போவேன். மழைக்குப் பிந்தைய மாதிரிகள் ஜனவரியில்."

இதில் முடிவு இல்லை. ஆனால் அவள் எப்படி யோசிக்கிறாள் என்பது முழுக்கத் தெரிகிறது. சேர்க்கைக் குழு தேடுவதும் அதைத்தான். எழுதியதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிப்ரவரியில் விகிதம் 1.2 என்று வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள். முதல் வாக்கியம் பொய்யாகிவிடும். இந்தப் பத்தியில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது.

பெரிய இடத்திலும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தது. இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் அப்போது சொன்னது சுருக்கமானது. 2.1 கிலோமீட்டர் உயரம் வரை செயல்பாடு இயல்பாக இருந்தது, பிறகு தொடர்பு அறுந்தது, தரவுகளை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். நாடே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அப்படி நிதானமாகச் சொன்னது பெரிய விஷயம்தான். இரண்டு வாரம் கழித்து, திட்டம் 98 சதவீதம் வெற்றி என்றார். ஆர்பிட்டர் நன்றாக வேலை செய்ததால் அப்படிக் கணக்கிட்டார்கள். இறங்குவதில் என்ன கோளாறு என்பது வெளிவருமுன்னே வந்த சதவீதம் என்பதால் பலரும் முகம் சுளித்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. 30 கிலோமீட்டரிலிருந்து 7.4 கிலோமீட்டர் வரை எல்லாம் திட்டப்படி நடந்தது. அடுத்த கட்டத்தில் வேகம் வடிவமைத்ததைவிட அதிகமாகக் குறைந்தது. அந்த விலகலால் லேண்டர் குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் பலமாக மோதியது. இதை அன்றைய இரவின் பேச்சோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். தொடர்பு அறுந்தது, தரவு ஆய்வில் இருக்கிறது என்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன. 2.1 வரை 'இயல்பு' என்ற சொல்தான் ஆட்டம் காண்கிறது. அவ்வளவு கவனமாகச் சொன்ன பேச்சிலும் ஒரு தீர்ப்பு ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. நம் மாணவியின் வரைவிலும் 'நிறுவியுள்ளது' போன்ற முழுச் சொற்களைப் பிடிப்பது எளிது. 'வழக்கமான', 'தெளிவான', 'எதிர்பார்த்தபடியே' என்று நடுவில் சும்மா வந்து உட்காரும் சொற்களைத்தான் பென்சிலோடு தேட வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளைக் குறிப்பிடும்போதும் இதே கதைதான். எழுதிக்கொண்டிருப்பது, இதழுக்கு அனுப்பியது, மதிப்பீட்டாளர்களிடம் இருப்பது, திருத்தம் கேட்டு வந்தது, ஏற்கப்பட்டது எல்லாம் தனித்தனிப் படிகள். நேற்று அனுப்பிய கட்டுரையை 'மதிப்பீட்டில்' என்று போடுவது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆசிரியர் அதை மதிப்பீட்டாளர்களிடம் அனுப்பாமலே திருப்பிவிடவும் கூடும். அனுப்பிய மாதத்தோடு 'அனுப்பப்பட்டது' என்று போட்டால் போதும். இன்னும் எழுதத் தொடங்காததைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

இதில் பலர் மறந்துவிடுவது வழிகாட்டிப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தை. அதுவும் அதே குழுவின் மேஜைக்குத்தான் போகிறது. அவர் 'முதல் சுற்று மாதிரி எடுத்து முடித்திருக்கிறாள்' என்று எழுதியிருக்க, இவள் 'நிறுவினேன்' என்று எழுதியிருந்தால், படிப்பவர் யாரை நம்புவார்? ஆகவே கடிதம் எழுதும் சாரிடம், இன்ன தேதியில் வேலை இந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கிணறு தேர்ந்தது யார், டைட்ரேஷன் செய்தது யார், கூடப் படிப்பவன் செய்தது எது என்பதும் அதில் இருக்கட்டும்.

ஜனவரியில் முடிவு வந்தபின், விண்ணப்பத் தளத்தில் கூடுதல் தகவல் சேர்க்க இடமிருந்தால் இரண்டு வரி சேர்க்கலாம். இல்லையென்றால் நேர்காணலில் சொல்லலாம். விகிதம் 1.2 என்று வந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு, எந்தத் தெருவில் செப்டிக் டேங்குகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள் என்பதையும் சொல்லலாம்.