அடி பிடிக்காத தேக்சா

நூறு பேருக்கான பிரியாணியைக் கெடுக்க உள்ளங்கை அகலக் கருகல் போதும். தேக்சாவின் அடியில் அவ்வளவு இடத்தில் மசாலா தீய்ந்துவிட்டால், மூடி ஒட்டிய பாத்திரத்திலிருந்து அந்த வாடை வெளியேற வழியில்லை. ஆவியோடு சேர்ந்து மேலேறி, தீயாத சோற்றிலும் கறியிலும் படிந்துவிடும். அடியை மட்டும் விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுத்துப் பரிமாறினாலும் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படி நேரும்போது பலரும் தம் நெருப்பைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான தேக்சாக்களில் தவறு அதற்கு முன்பே, மூடி போடுவதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

காரணம் எளிமையானது. பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. வரும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ஓரிடத்தில் தண்ணீர் வற்றிவிட்டால், அந்த இடத்தின் சூடு மளமளவென்று ஏறும். வெங்காயமும் தக்காளியும் தயிரும் கரைந்த மசாலா முதலில் சிவக்கும், பிறகு கருகும். ஆகவே பெரிய அளவில் தம் போடுவது என்பது, கடைசி நிமிடம்வரை அடியில் ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிற வேலைதான்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கல்யாணச் சமையலை எடுத்துக்கொள்வோம். அங்கே அரிசியைத் தனியே முக்கால் வேக்காடு வேகவைத்து, வடித்து, கறி மசாலாவின் மேல் போட்டுத் தம் வைப்பார்கள். 10 கிலோ அரிசிக்கு 10 கிலோ மட்டன் என்பது நல்ல கணக்கு; 80 முதல் 100 பேர் சாப்பிடலாம். மிளகாய்த்தூளுக்குப் பதிலாக, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது. இந்த விழுதும் இஞ்சி பூண்டும் கனமானவை. கரண்டி ஓயும்போதெல்லாம் அடியில் போய்ப் படியும். மட்டன் வெந்து முடிவதற்குள் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அந்தப் படலத்தின் மேல் சோற்றைக் கொட்டினால், பிறகு எவ்வளவு மெல்லிய தணல் வைத்தாலும் அது கருகத்தான் செய்யும். தேர்ந்த மாஸ்டர்கள் அரிசி போடுவதற்கு முன் தட்டைக் கரண்டியால் அடி முழுவதும் ஒருமுறை சுரண்டிப் பார்ப்பது இதனால்தான். கரண்டி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால், கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்துவிடுவார்கள். கருகல் வாடை அப்போதே வந்துவிட்டால் சுரண்டக் கூடாது. மேலே உள்ளதை வேறு தேக்சாவுக்கு மாற்றிவிடுவதே வழி.

அடுத்தது சாறு. கறித்துண்டுகள் மூழ்கும் அளவுக்கு நிற்க வேண்டும். முக்கால் வேக்காட்டு அரிசி மீதிக் கால் பங்குக்கு வேண்டிய தண்ணீரை இங்கிருந்துதான் குடிக்கப்போகிறது. சாறு குறைந்தால் அடி வறண்டு தீயும். கூடினால் கீழ்ச்சோறு குழையும்.

அரிசி வடிக்கும் நேரம்தான் வீட்டுச் சமையலுக்கும் விருந்துச் சமையலுக்கும் இடையே பெரிய வித்தியாசம். ஒரு கிலோவை நினைத்த நொடியில் வடித்துவிடலாம். 10 கிலோவை வடிப்பதற்குள் அதன் சொந்தச் சூட்டிலேயே மேலும் வெந்துவிடும். ஒரு பருக்கையை நகத்தால் கிள்ளினால் நடுவில் வெண்புள்ளி தெளிவாகத் தெரியும்போதே வடிக்கத் தொடங்க வேண்டும். இரண்டு ஈடாக வேகவைப்பது இன்னும் நல்லது. முதல் ஈட்டைச் சற்று முன்னதாக, அரை வேக்காடு தாண்டியதும் வடித்து மசாலாவின் மேல் பரப்பலாம். அதற்குச் சாறும் ஆவியும் நிறையக் கிடைக்கும். இரண்டாம் ஈட்டை முக்கால் பதத்துக்கு வேகவைத்து அதன் மேல் போடலாம்.

இதில் ஒரு விதி தவறவே கூடாது. சோறு விழும்போது மசாலா தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். சோறும் சுடச்சுட இருக்க வேண்டும். மசாலா ஆறிக் கிடந்தால், ஐம்பது கிலோவை நெருங்கும் அந்தக் குவியலை மறுபடி சூடாக்க அடியில் பெருந்தீ வைக்க வேண்டிவரும். மேலே சோறு மூடியிருப்பதால் கிளறவும் முடியாது. அடி பிடிக்க இதைவிட நிச்சயமான வழி இல்லை.

சோற்றை அழுத்தாமல் பரப்பி, கரண்டிக் காம்பால் அங்கங்கே அடிவரை துளை இட்டால் ஆவி மேலேறும். தேக்சாவில் கால் பங்கு காலியாக இருப்பது நல்லது. சோற்றின் மேல்பரப்பில் எல்லா இடத்திலும் ஆவி பறக்கத் தொடங்கியதும் மூடலாம், அதற்கு முன் வேண்டாம்.

மூடியை ஒட்டுவதற்குப் பிசைந்த மைதாவைக் கட்டைவிரல் தடிமனில் கயிறாகத் திரித்து விளிம்பில் வைப்பார்கள். ஈரத்துணி சுற்றி மேலே பாரம் ஏற்றுவதும் உண்டு. இது குக்கர் போல அழுத்தம் ஏற்றுவதற்காக அல்ல. வெளியேறுகிற ஒவ்வொரு துளி ஆவியும் அடியிலிருந்து போன தண்ணீர். ஓரத்தில் ஓரிடத்தில் ஆவி சீறிக்கொண்டே இருந்தால், அடி வறண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் உடனே மாவு அப்ப வேண்டும்.

பிறகு விறகை இழுத்துவிட வேண்டும். அடியில் மிஞ்சிய தணலை நடுவில் குவியாமல் ஓரத்துக்குத் தள்ளி, கங்குகளில் பெரும்பகுதியை மூடியின் மேல் பரப்புவார்கள். மேலே சூடு இருந்தால் மூடியில் ஆவி குளிர்ந்து சோற்றில் சொட்டாது. மேல் அடுக்கும் வெந்துவிடும். கேஸ் அடுப்பில் தீ வட்டமாக ஒரே இடத்தைத் தாக்கும் என்பதால், தேக்சாவுக்கு அடியில் தடித்த இரும்புக் கல் வைத்துத் தீயைச் சிம்மில் விட வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்புத் தேக்சா கிடைத்தால் விட வேண்டாம். எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்துவதால், ஓரிடத்தில் மட்டும் சூடு தேங்காது.

10 கிலோவுக்கு 25 முதல் 30 நிமிடத் தம் போதும். இடையில் திறந்து பார்க்க முடியாது, ஆனால் கேட்க முடியும். தேக்சாவின் அடிப்பக்கத்தில் ஒரு கம்பை வைத்து மறுமுனையில் காதை வைத்தால் மெல்லிய கொதிப்புச் சத்தம் கேட்கும். அது பொரிகிற சத்தமாக மாறினால் அடியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. உடனே தேக்சாவை இறக்கி ஈரச்சாக்கின் மேல் வைத்துவிட வேண்டும்.

தணலை எடுத்த பிறகு வரும் 20 நிமிடத்தைப் பசி பொறுக்காதவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். அது கூடாது. வெந்த சோறு கொதிசூட்டில் மிக மென்மையாக இருக்கும். கரண்டி பட்டால் உடையும். சற்றே சூடு தணியும்போது பருக்கை இறுகுகிறது. மிச்ச ஆவி சோற்றுக்குள் அடங்குகிறது, அடியில் லேசாக ஒட்டியதும் நெகிழ்ந்து விடுபடுகிறது. தம் உடைத்ததும் கிளறாமல், ஓரத்தில் தட்டை நேராக இறக்கி அடிவரை வெட்டி எடுத்தால் ஒவ்வொரு தட்டிலும் எல்லா அடுக்கும் வரும்.

ஆக, மதியம் 1 மணிக்குப் பந்தி என்றால் 12 மணிக்கு மூடியை ஒட்டுங்கள். அதிகாலையிலேயே முடித்து வைத்தால் கீழ்ச்சோறு குழையும். மிஞ்சியதைத் தேக்சாவிலேயே இரவுவரை விடாதீர்கள். வெந்த சோறு 60 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் அதில் கிருமி பெருகும், திரும்பச் சூடாக்கினாலும் அது உண்டாக்கிய நஞ்சு போகாது.