ஏற்றத்தில் இடறும் இயந்திரம்

சமதரையில் எவ்விதக் குறையுமின்றி ஓடும் மோட்டார் வண்டியொன்று ஏற்றத்திற் கால்வைத்ததும் திக்கித் திக்கி ஓடுவதைக் காணலாம். நிறுத்திவைத்து இயக்கினால் ஒழுங்காக இயங்குகின்றது. வெறும் வண்டியாக ஓட்டினாலும் குறையில்லை. நால்வரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் அக்ஸிலரேற்றரை முற்றாக அழுத்தும்போது மாத்திரமே வெடி தவறுகின்றது. இந்நோய்க்குப் பழுதுபார்ப்போர் இரு காரணங்களுள் ஒன்றைக் கூறுவது வழக்கம். ஒன்று பிளக் என வழங்கும் தீப்பொறிச் செருகி தேய்ந்துவிட்டது என்பது. மற்றையது கொயில் எனப்படும் தூண்டற்சுருள் வலுவிழந்துவிட்டது என்பது. இரண்டும் ஒரே குறியைக் காட்டுவதால் எது குற்றவாளி என்று ஆராயாமல் இரண்டையும் மாற்றிவிடுவோரே பலர். அவ்வாறு கழித்தெறியப்படும் சுருள்களுட் பெரும்பாலானவை குற்றமற்றவை.

இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், சுமை மிகும்போது உருளையினுள் நிகழ்வது யாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். தீப்பொறி என்பது செருகியின் இரு மின்வாய்களுக்கிடையே உள்ள வாயுவைப் பிளந்துகொண்டு பாயும் மின். அவ்வாயுவைப் பிளப்பதற்கு வேண்டிய மின்னழுத்தம் எப்போதும் ஒரே அளவினதன்று. வாயுவின் அமுக்கத்தையும் மின்வாய்களின் இடைவெளியையும் பெருக்கி வருந் தொகையிலேயே அது தங்கியுள்ளது என்பதை 1889 ஆம் ஆண்டில் பாசென் என்னும் ஜெர்மானிய அறிஞர் பரிசோதனை வாயிலாக நிறுவினார். இடைவெளி மாறாதிருக்க, அமுக்கம் மிகுந்தால் வேண்டிய மின்னழுத்தமும் மிகும்.

இயந்திரம் சுமையின்றி மெல்ல இயங்கும்போது காற்று வரும் வழி பெரும்பாலும் மூடப்பட்டிருத்தலின் உருளைக்குட் புகும் கலவை சொற்பமே. அதன் அமுக்கம் வளியமுக்கத்தின் மூன்றிலொரு பங்களவே இருக்கும். அக்ஸிலரேற்றரை முற்றாக அழுத்தியதும் அவ்வழி திறந்து, ஏறத்தாழ முழு வளியமுக்கத்தில் உருளை நிரம்புகின்றது. ஆகவே நெருக்கலின் முடிவில் அமுக்கம் ஏறக்குறைய மும்மடங்காகிவிடும். இதனோடு பிறிதொன்றுஞ் சேர்கின்றது. இலேசான சுமையிலே பொறி முந்தியே எழும்; கடுஞ்சுமையிலோ உறிஞ்சல் குன்றுவதால் அம்முந்துகை குறைந்து, நெருக்கல் முற்றும் தறுவாயிலேயே பொறி எழும். மெல்ல இயங்கும்போது 5,000 வோல்ற்று அளவில் எழுந்த பொறி ஏற்றத்தில் 12,000 அல்லது 15,000 வோல்ற்றைக் கேட்பதற்கு இவையே காரணங்கள்.

இனி, இக்கொடுக்கல் வாங்கலிலே கேட்பது செருகி, கொடுப்பது சுருள். கேட்பது கொடுப்பதைக் கடக்குங் கணத்திலேயே பொறி தவறுகின்றது. செருகி தேய்ந்தால் கேள்வி உயர்கின்றது. சுருள் நலிந்தால் கொடை தாழ்கின்றது. இரண்டிலும் இடையேயுள்ள சேமம் குறுகுவதால் விளைவு ஒன்றாகவே தோன்றுகின்றது. நோயைப் பிரித்தறிதல் என்பது, கேள்வி உயர்ந்ததா கொடை தாழ்ந்ததா என்று வினாவுதலேயன்றி வேறன்று.

செருகி தேய்வது இருவகையால் கேள்வியை உயர்த்தும். ஒவ்வொரு பொறியும் மின்வாயின் உலோகத்தில் ஓர் அணுவளவை அரித்துச் செல்வதால் இடைவெளி நாளடைவில் அகலும். மொரிஸ் மைனர் 1000 வண்டிக்கு விதிக்கப்பட்ட இடைவெளி 0.025 அங்குலம், கவனியாது விட்ட செருகியில் இது 0.036 அங்குலம்வரை அகன்றிருத்தல் அரிதன்று. அன்றியும், புதிய செருகியின் நடு மின்வாய் கூரிய விளிம்புடையது; மின்புலம் கூரிய இடத்திற் குவிவதாற் பொறி எளிதில் எழும். தேய்ந்த செருகியில் அவ்விளிம்பு மழுங்கி உருண்டுவிடும். ஆகவே தேய்ந்த செருகியின் இடைவெளியைத் தட்டிச் சரிசெய்தாலும் அது புதியதற்கு ஈடாகாது.

சுருள் நலிவதற்குரிய பெருங் காரணம் வெப்பம். அவ்வண்டியின் சுருளிலே முதன்மைச் சுற்றின் தடை குளிர்ந்த நிலையில் 3.2 ஓம் அளவினது. 12 வோல்ற்று மின்கலவடுக்கு அதனூடே 3.75 அம்பியரைச் செலுத்தும். செம்பின் தடை ஒவ்வொரு பாகை சதமவளவுக்கும் நூற்றுக்கு 0.4 அளவில் ஏறுவதால், 30 பாகையிலிருந்த சுருள் 90 பாகையை அடையும்போது தடை ஏறக்குறைய 4 ஓமாகி, மின்னோட்டம் 3 அம்பியராகக் குறையும். சுருளிற் சேமிக்கப்படும் சத்தி மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலின் அதில் மூன்றிலொரு பங்கு இழக்கப்படுகின்றது. நல்ல சுருளுக்கே இக்கதியாயின், உள்ளே காவலிப் பூச்சு வெடித்துச் சில சுற்றுக்கள் தம்முள் ஒட்டிக்கொண்ட சுருளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. குளிர்ந்திருக்கையில் அது சோதனைகள் யாவற்றிலும் தேறிவிடும். வெம்மையேறியபின்னரே தன் குணத்தைக் காட்டும்.

இவ்வேறுபாடே முதலாவது தடயமாகின்றது. தேய்ந்த செருகி காலை புறப்பட்ட முதல் ஏற்றத்திலேயே தவறும். அரைமணி நேரம் நிறுத்தி ஆறவிட்டாலும் திருந்தாது. நலிந்த சுருள் முதலில் நன்றாக ஓடி, பின்னர் தவறி, ஆறியபின் மீண்டும் நலமடையும். இரண்டாவது தடயம் வேகத்திற் கிடைக்கின்றது. நான்கு உருளை இயந்திரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும்போது செக்கனுக்கு 50 பொறிகள் வேண்டும். தொடுமுனைகள் மூன்றிலிரு பங்கு நேரம் மூடியிருப்பதால், சுருள் ஒவ்வொரு முறையும் மின்னேறுவதற்கு 13 மில்லிசெக்கன் கிடைக்கின்றது. 4,500 முறை சுழலும்போது அந்நேரம் நாலரை மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்கிவிடும். மின்னோட்டம் நிறைவதற்குள் தொடுமுனை திறந்துவிடுகின்றது. ஆகவே இலேசான சுமையிலும் உயர்ந்த சுழற்சியில் வெடி தவறுமாயின் கொடைப்பக்கத்தையே ஐயுறல் வேண்டும். குறைந்த சுழற்சியில் அக்ஸிலரேற்றரை அழுத்தும்போது மாத்திரம் தவறுமாயின் ஐயம் பெரிதும் செருகியின்பாற் சாரும்.

செருகியைக் கழற்றி, இயந்திரத்தின் உடலிற் சாத்தி, பொறி எழுகின்றதா என்று பார்ப்பது பழுதுபார்க்குமிடங்களிற் காணப்படும் பழைய வழக்கம். இச்சோதனை ஏமாற்றக்கூடியது. திறந்த வெளியிலே அமுக்கம் ஒரு வளியளவே. அங்கே 3,000 வோல்ற்றுக்கே பொறி எழுந்துவிடும். ஏற்றத்திலே 15,000 வோல்ற்றைத் தர இயலாத சுருளும் இங்கே அழகாகப் பொறி காட்டும். சுருளினின்று வரும் தடித்த கம்பியைக் காவலிட்ட பிடியாற் பற்றி, உடலினின்றும் கால் அங்குலந் தள்ளி வைத்து, பொறி தயங்காமற் பாய்கின்றதா என்று காண்பது ஓரளவு தகுந்த சோதனை. இதனையும் சுருள் சூடேறியிருக்கும்போதே செய்தல் வேண்டும். இலத்திரன் முறையில் இயங்கும் இக்கால வண்டிகளில் இதனைச் செய்யவே கூடாது. கருவியும் கெடும், கைக்கும் ஆபத்து.

ஆயினும் இவையனைத்தினும் உறுதியான தீர்ப்பைத் தருவது இடைவெளியை மாற்றிப் பார்க்குஞ் சோதனையே. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் மொரிஸ் மைனரொன்று மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் இடறுகின்றது என்க. எரிபொருட் குறையால் இடறும் வண்டி படிப்படியாகச் சோர்ந்து அடங்கும். சோக்கைச் சிறிது இழுத்தால் உயிர் பெறும். இவ்வண்டியோ வெட்டி வெட்டி இடறுகின்றது, சோக்கினாற் பயனில்லை. எனவே குறை தீப்பொறியில் உள்ளது. செருகிகளைக் கழற்றி அளந்தால் நான்கிலும் இடைவெளி 0.036 அங்குலம், விளிம்புகளும் மழுங்கியுள்ளன. புதிய செருகிகள் 0.025 அங்குல இடைவெளியுடன் இடப்படுகின்றன. ஏற்றத்தின் முற்பாதியை வண்டி இடறாது கடக்கின்றது. இத்துடன் வேலை முடிந்ததெனக் கருதி மகிழ்வோரும் உளர். பிற்பாதியிலோ, இயந்திரம் நன்கு சூடேறியபின், வெடி மீண்டுந் தவறுகின்றது.

இப்பொழுது புதிய செருகிகளின் இடைவெளியை வேண்டுமென்றே 0.018 அங்குலமாகக் குறைத்து அதே ஏற்றத்தில் அதே சுமையுடன் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இடறல் முற்றாக மறைகின்றது. சரியான இடைவெளியுள்ள புதிய செருகி கேட்பதைக் கொடுக்க முடியாது, அதனினுங் குறைவாகக் கேட்டால் மாத்திரம் கொடுக்க முடிகின்றதாயின், குறை கொடைப்பக்கத்தில் உள்ளது என்பது ஐயமின்றித் துணியப்படும். செருகி தேய்ந்ததும் உண்மை. அத்தேய்வு நீங்கியபின் அதன் பின்னால் மறைந்திருந்த குறை வெளிப்பட்டது. குறைத்த இடைவெளியை அப்படியே விட்டுவிடுதல் நன்றன்று. சிறிய பொறி மெல்லிய கலவையைப் பற்றவைக்கத் தவறுவதால் மெதுவான ஓட்டம் கெடும்.

கொடைப்பக்கம் என்றதனாற் சுருளொன்றையே குறித்ததாகக் கொள்ளலாகாது. தொடுமுனைகள் மூடியிருக்கும்போது சுருளின் முனையில் 12 வோல்ற்றுக்குப் பதிலாக 10 வோல்ற்றே வந்து சேருமாயின், ஆளியிலோ கம்பியிலோ தடையுண்டு. சுருள் பட்டினி கிடக்கின்றதேயன்றி நோயுற்றதன்று. ஒடுக்கி கெட்டிருந்தால் தொடுமுனைகள் நீலப் பொறியுடன் கருகும். பங்கீட்டு மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று இருப்பின் அதன்வழி மின் ஒழுகும்; இருளில் இயந்திரத்தை இயக்கிப் பார்த்தால் அது நீலக் கீற்றாகத் தெரியும். இவையெல்லாம் குறையற்றிருப்பின் மாத்திரம் சுருளை மாற்றுதல் தகும்.

செருகியே கொடையைத் திருடும் நிலையும் ஒன்றுண்டு. அதன் பீங்கானிற் கரி படிந்தால் மின்னழுத்தம் உச்சத்தை அடையுமுன் அக்கரிவழியே கசிந்துவிடும். இடைவெளி சரியாயிருந்தும் சுருள் நலிந்ததுபோலத் தோன்றும். 1990களின் தொடக்கத்தில் எரிபொருட் தடை நிலவிய யாழ்ப்பாணத்திலே, சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் வண்டிகளை ஓட்டியவர்கள் செருகிகளை அடிக்கடி கழற்றித் துடைக்க நேர்ந்தமைக்கு முழுதும் ஆவியாகாத அவ்வெண்ணெயின் கரியே காரணம். செருகியைத் துடைத்ததும் நோய் தீர்ந்து, பின்னர் மெல்ல மீளுமாயின் சுருளைக் குறைகூற இடமில்லை.

இக்கால வண்டிகளில் ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனிச் சுருள் செருகியின் தலைமேலேயே அமர்ந்திருக்கின்றது. இதனாற் சோதனை எளிதாகிவிட்டது. கணினிக் கருவியை இணைத்தால் எவ்வுருளை தவறுகின்றது என்பதை அதுவே கூறும்; P0303 என்பது மூன்றாம் உருளையைக் குறிக்கும். மூன்றாம் உருளையின் சுருளை இரண்டாம் உருளைக்கு மாற்றி, பதிவை அழித்து, அதே ஏற்றத்தில் மீண்டும் ஓட்டவேண்டும். குறியீடு P0302 ஆக மாறுமாயின் குற்றம் சுருளோடு இடம்பெயர்ந்தது. P0303 ஆகவே நிற்குமாயின் அடுத்ததாகச் செருகிகளை இடம்மாற்றிப் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒருமிக்க மாற்றுவது சோதனையையே பாழாக்கும். செருகியும் குற்றத்தோடு இடம்பெயராவிடின் எரிபொருள் பீச்சியையும் வாயில்களையும் நாடவேண்டியதே.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பொறி இடைவெளியைத் தாண்டமாட்டாமல் செருகியின் பீங்கான் வெளிப்புறமாக வழிந்திருப்பின், அங்கே பென்சிற் கோடுபோன்ற கரியவடு காணப்படும். அதே வடு சுருளின் இரப்பர் உறையின் உட்புறத்திலும் பதிந்திருக்கும். அவ்வுறை சுருளோடு சேர்ந்து செல்வதால், குற்றம் சுருளோடு சென்றதுபோலத் தோன்றும். தொடக்கமோ அகன்ற இடைவெளியுள்ள செருகி. தேய்ந்த செருகி ஒவ்வொரு பொறிக்கும் மிகுந்த மின்னழுத்தத்தைக் கேட்டுக்கொண்டேயிருப்பதால் சுருளின் உட்காவலியும் நாளடைவில் துளைபடும். அத்தகைய செருகியை உள்ளே வைத்துக்கொண்டு புதிய சுருளை மேலே பொருத்தினால், சில மாதங்களில் அதுவும் முன்னதன் வழியே செல்லும். சுருளை மாற்றும்போது செருகியைக் கழற்றி இடைவெளியை அளந்து பார்ப்பதற்குப் பத்து நிமிடமே செல்லும்.