நடுத்திட்டம் ஏன் விற்கிறது?

கணக்கெழுதும் மென்பொருள், இணையவழிச் சேமிப்பிடம், பாடல் சேவை என்று மாதச் சந்தாவுக்கு விற்கப்படும் எதன் விலைப்பக்கத்தைத் திறந்தாலும் மூன்று கட்டங்கள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். இடதில் மலிவான திட்டம், வலதில் கண்ணைக் கட்டும் விலையில் ஒன்று, நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்டது. நடுக்கட்டம் மட்டும் சற்றுப் பெரிதாகவோ வேறு நிறத்திலோ இருக்கும். ‘பலரும் தேர்ந்தெடுப்பது’ என்ற பட்டை அதன் தலையில் ஒட்டியிருக்கும். மூன்றாவது திட்டம் அங்கே இருப்பது தான் விற்பதற்காக மட்டுமல்ல, நடுவில் இருப்பதை விற்றுக்கொடுப்பதற்காகவும்தான் என்பது இந்த அமைப்பின் பின்னால் உள்ள நம்பிக்கை.

நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. இட்டமார் சைமன்சனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் மினோல்டா நிறுவனத்தின் கேமராக்களை வைத்து ஒரு சோதனை இருக்கிறது. ஒரு குழுவினருக்கு இரண்டு கேமராக்கள் காட்டப்பட்டன. ஒன்றின் விலை சுமார் 170 டாலர், மற்றொன்று சுமார் 240 டாலர். பாதிப்பேர் இதையும் பாதிப்பேர் அதையும் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு குழுவினருக்கு அதே இரண்டோடு சுமார் 470 டாலர் விலையில் மூன்றாவது கேமராவும் காட்டப்பட்டது. இம்முறை மலிவானதை 22 சதவீதத்தினரும், நடுவிலுள்ளதை 57 சதவீதத்தினரும், விலை உயர்ந்ததை 21 சதவீதத்தினரும் எடுத்தார்கள்.

இதில் வியப்பானது எது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிதாக ஒரு பொருள் கடைக்கு வந்தால், அதை வாங்குவோர் பழைய பொருள்களை விட்டுத்தான் வரவேண்டும். ஆகவே பழைய பொருள் ஒவ்வொன்றின் பங்கும் குறையலாம், அப்படியே இருக்கலாம், கூடக் கூடாது. ஆனால் 240 டாலர் கேமராவின் பங்கு 50-லிருந்து 57-ஆகக் கூடியது. பழைய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தவர்களில் நடுக்கேமராவை எடுத்தவர்கள் முதலில் பாதி. பிறகு 79-இல் 57, அதாவது 72 சதவீதம். அந்த இரண்டு கேமராக்களிலோ அவற்றின் விலையிலோ எதுவும் மாறவில்லை. பக்கத்தில் நின்றது மட்டுமே மாறியது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் முக்கியமானவை. தேர்வுக்கு ஒரு காரணம் சொல்ல முடியவேண்டும் என்று மனிதர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது சைமன்சனின் விளக்கம். மலிவானதை எடுத்தால் தரம் போய்விடுமோ என்ற ஐயம். விலை கூடியதை எடுத்தால் ஏமாந்துவிட்டோமோ என்ற ஐயம். நடுவிலுள்ளது இரண்டு ஐயங்களுக்கும் பாதி பதில் சொல்லிவிடுகிறது. பிர்கர் வெர்னர்ஃபெல்ட் 1995-இல் வேறு விதமாகப் பார்த்தார். தனக்கு எவ்வளவு தேவை என்று சரியாகத் தெரியாத ஒருவர், விற்பவர் பலவகை வாங்குபவர்களை மனதில் வைத்தே இந்த வரிசையை அமைத்திருப்பார் என்று ஊகிக்கிறார். தானும் சராசரி ஆள்தான் என்று கருதி நடுவிலிருப்பதை எடுக்கிறார். இந்தப் பார்வையில் நடுத்திட்டத்தை எடுப்பது ஏமாறுவது அல்ல, கிடைத்த தகவலைப் பயன்படுத்துவது. இரண்டாவது விளக்கத்திலிருந்தே இதன் எல்லையும் புரிகிறது. மாதம் எத்தனை விலைப்பட்டியல் போடுகிறோம் என்று துல்லியமாகத் தெரிந்த கடைக்காரரை மூன்று கட்டங்கள் அசைப்பது கடினம். முதன்முறை வாங்குபவர், ஒப்பிடக் கடினமான வசதிகளுக்கு முன்னால் நிற்பவர், இவர்கள்தான் எளிதில் நகர்வார்கள்.

விலைப்பக்கம் வைத்திருப்பவருக்கு எழும் கேள்வி, தன் பக்கத்தில் இது நடக்கிறதா என்பது. ‘எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்குமேல் நடுத்திட்டத்தில்தான்’ என்ற கணக்கு இதற்குச் சான்றாகாது. அந்தத் திட்டம் உண்மையிலேயே பெரும்பாலானோருக்குப் பொருத்தமானதாக இருக்கலாம். போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடுவதும் போதாது. வில்லியம்ஸ்-சோனோமா என்ற அமெரிக்கக் கடை, வீட்டில் ரொட்டி சுடும் கருவியோடு அதைவிடப் பெரிய, விலை கூடிய இன்னொன்றையும் வைத்தபோது, பழைய கருவியின் விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பானது என்ற கதை விற்பனைத் துறையில் அடிக்கடி சொல்லப்படும். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் அந்தக் கருவியைப் பற்றிய பேச்சு பரவியதா, பண்டிகை வந்ததா என்பதை அது சொல்வதில்லை.

சான்றாவது ஒரே காலத்தில் நடக்கும் ஒப்பீடு. பக்கத்துக்கு வருபவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு திட்டங்களையும் மறு பாதிக்கு மூன்று திட்டங்களையும் காட்ட வேண்டும். ஒருவர் எத்தனை முறை திரும்பி வந்தாலும் அதே பக்கத்தையே பார்க்க வேண்டும். நேற்று இரண்டு திட்டம் கண்டவர் இன்று மூன்று கண்டால் எந்தக் குழுவிலும் அவரைச் சேர்க்க முடியாது. வார நாள்களிலும் விடுமுறை நாள்களிலும் வருபவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதால், முழு வாரங்களாகவே சோதனையை நடத்துவது வழக்கம்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. சிறுவணிகருக்கான மென்பொருள் ஒன்றின் திட்டங்கள் மாதம் 300, 600, 1,500 ரூபாய். ஒவ்வொரு குழுவிலும் 10,000 பேர். இரண்டு திட்டம் கண்டவர்களில் 240 பேர் சிறியதையும் 160 பேர் 600 ரூபாய்த் திட்டத்தையும் வாங்கினார்கள். மூன்று திட்டம் கண்டவர்களில் சிறியதை 130 பேர், நடுவிலுள்ளதை 190 பேர், பெரியதை 40 பேர் வாங்கினார்கள்.

அவசரப் பார்வைக்கு இது பெரிய வெற்றி. வாங்கியவர்களில் நடுத்திட்டத்தின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 53 சதவீதத்துக்குத் தாவியிருக்கிறது. ஆனால் வாங்கியவர்களை மட்டும் எண்ணுவதில் ஒரு பொறி உண்டு. முதல் குழுவில் வாங்கியவர்கள் 400, இரண்டாவதில் 360. சிறிய திட்டத்தை வாங்கியிருக்கக் கூடியவர்கள் 1,500 ரூபாயைப் பார்த்து, ‘இது நமக்கான இடமல்ல’ என்று போயிருந்தாலும் நடுத்திட்டத்தின் சதவீதம் தானாகவே கூடும். யாரும் நடுவுக்கு நகர்ந்திருக்கத் தேவையில்லை. ஆகவே வகுக்கும் எண் வாங்கியவர்கள் அல்ல, பக்கத்துக்கு வந்த 10,000 பேர்.

அப்படிப் பார்த்தால் நடுத்திட்டத்தை வாங்கியவர்கள் 160-லிருந்து 190 ஆகியிருக்கிறார்கள். இது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசமா என்பதற்கு ஓர் எளிய கைக்கணக்கு உண்டு. குழுக்கள் சம அளவில் இருந்து, வாங்குபவர்கள் சிறு விகிதமாக இருந்தால், இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டி வர்க்கமூலம் கண்டு அதை இரட்டிப்பாக்க வேண்டும். வித்தியாசம் அதைவிடச் சிறிதாக இருந்தால் தற்செயல் என்ற சாத்தியத்தை ஒதுக்க முடியாது. 160-உம் 190-உம் சேர்ந்தால் 350. அதன் வர்க்கமூலம் சுமார் 19, இரட்டித்தால் 37-க்குச் சற்று மேல். வித்தியாசம் 30 மட்டுமே. மொத்தம் வாங்கியவர்கள் 40 குறைந்ததும் இதே கணக்கில் உறுதியாகவில்லை. சிறிய திட்டம் 110 குறைந்தது மட்டும் தற்செயல் அல்ல என்று சொல்லலாம்.

வருமானத்தைப் பிரித்துப் பார்த்தால் கதை இன்னும் மாறுகிறது. முதல் குழுவில் மாதம் 1,68,000 ரூபாய், இரண்டாவதில் 2,13,000. கூடிய 45,000 எங்கிருந்து வந்தது? நடுத்திட்டம் 18,000 கூடுதலாகக் கொடுத்தது, சிறிய திட்டம் 33,000 குறைந்தது. இரண்டையும் சேர்த்தால் நட்டம். லாபம் முழுவதும் 1,500 ரூபாய்த் திட்டத்தை வாங்கிய 40 பேரிடமிருந்து வந்த 60,000 ரூபாய்தான். அலங்காரத்துக்கு வைத்ததாக எண்ணிய திட்டமே இங்கு விற்றிருக்கிறது. நடுத்திட்டத்தின் ஈர்ப்பு என்று இதை அறிக்கையில் எழுதினால், அடுத்த கட்டமாக மூன்றாவது திட்டத்தை யாரும் வாங்காத அளவுக்கு விலையேற்றி, உண்மையான லாபத்தையே அழித்துக்கொள்ள நேரும்.

கேள்விக்கு விடை வேண்டுமானால் கூட்டம் பெரிதாக வேண்டும். குழுவுக்கு 40,000 பேர் வந்து அதே விகிதம் நீடித்தால் நடுத்திட்டம் 640-லிருந்து 760 ஆகும். 120 என்ற வித்தியாசம் தேவையான 75-ஐத் தாண்டிவிடும். அந்த எண்ணிக்கையைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்து, அதுவரை காத்திருக்க வேண்டும். தினமும் எட்டிப்பார்த்து, சாதகமாகத் தெரிந்த நாளில் நிறுத்தினால் தற்செயலே வெற்றியாகப் பதிவாகும். குழுக்களின் அளவையும் இதே கைக்கணக்கால் சரிபார்க்கலாம். சமமாகப் பிரித்த பின்னும் ஒன்றில் 10,000 பேரும் மற்றொன்றில் 9,400 பேரும் இருந்தால், பிரிக்கும் நிரலிலோ பக்கம் திறக்கும் வேகத்திலோ கோளாறு இருக்கிறது. அந்த முடிவை விளக்க முயல்வதைவிடத் தூக்கிப்போடுவது மேல்.

நடுத்திட்டம் உண்மையிலேயே கூடியது என்று தெரிந்த பிறகும் காரணம் தெரியாது. கூடுதலாக ஒரு திட்டம் வந்ததோடு பட்டையும் நிறமும் சேர்ந்து வந்திருந்தால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. முதலில் பட்டை, நிறம், முன்கூட்டியே குறியிட்ட தேர்வு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் மூன்று கட்டங்களாகச் சோதிப்பதே முறை. கைபேசியில் இந்தக் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுவதால் அங்கே நடு என்பதே வேறு. கைபேசிக் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். இதைவிடக் கூர்மையான சோதனை, வரிசையை நகர்த்துவது. ஒரு குழுவுக்கு 300, 600, 1,500. மற்றதற்கு 600, 1,500, 3,000. முதல் வரிசையில் 1,500 ஓரத்தில் இருக்கிறது, இரண்டாவதில் நடுவில். 600-உம் 1,500-உம் இரண்டிலும் உள்ளன. இந்த இரண்டுக்குள் 1,500-இன் பங்கு இரண்டாவது வரிசையில் தெளிவாகக் கூடினால், இடம்தான் இழுக்கிறது என்று கொள்ளலாம். கூடாவிட்டால் 600 ரூபாய்த் திட்டம் விற்பது அது 600 ரூபாய் என்பதால்தான். வாங்காமல் போனவர்களின் எண்ணிக்கையை இங்கும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். மலிவான திட்டம் மறைந்த பக்கத்தில் அது பெரும்பாலும் உயரும்.

கடைசியாகக் காலம். நகர்த்தப்பட்ட வாங்குபவர் தனக்குத் தேவையில்லாத வசதிக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். அதை அவர் உணர்வது சந்தா மீண்டும் பிடிக்கப்படும் நாளில். அதனால் மாதச் சந்தாவில் முதல் நாள் விற்பனையோடு கணக்கை முடிக்காமல், இரண்டாவது, மூன்றாவது மாதக் கட்டணம் வரை இரு குழுக்களையும் தொடர வேண்டும். சிறிய திட்டத்துக்கு இறங்கியவர்கள், ரத்துசெய்தவர்கள், பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் எல்லோரையும் கழித்த பிறகு, வந்த ஒருவருக்கு எத்தனை ரூபாய் நின்றது என்பதே இரு பக்கங்களையும் ஒப்பிடும் எண். ஆண்டுச் சந்தாவாக விற்கும் நிறுவனத்துக்கு இந்த விடை வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.