வேலை போன அன்று எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள்? லே ஆஃப்புக்குப் பிறகான பணக் கணக்கும் நேரக் கணக்கும்

காலை பதினொன்றரை மணிக்கு, இதுவரை பேசியே இராத ஹெச்.ஆர். ஒருவரிடமிருந்து பதினைந்து நிமிட மீட்டிங்குக்கு அழைப்பு வருகிறது. உள்ளே போனால் மேனேஜரும் இருக்கிறார், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "உங்க ரோல் இனிமே இல்லை. நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, உங்க ரெக்கார்டுக்கு அதுதான் நல்லது" என்கிறார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த பிறகு, இப்படி ஒரு அழைப்பு நமக்கும் வருமோ என்று யோசிக்காத ஐ.டி. ஊழியர்கள் குறைவு.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் நீங்கள் போடும் கையெழுத்து, அடுத்த ஆறு மாதத்தில் கையில் எவ்வளவு பணம் இருக்கும், இன்டர்வியூவில் என்ன சொல்வீர்கள் என்பதையெல்லாம் பெரிய அளவில் தீர்மானித்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ராஜினாமாவா, பணிநீக்கமா?

தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். கூடவே, வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று இருப்பதால் மட்டும் யாரும் நிர்வாகி ஆகிவிட மாட்டார்கள். என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

நீங்களாகவே ராஜினாமா செய்தால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. நிறுவனம் அந்தத் தாளை உங்கள் பக்கம் நகர்த்துவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பி.எஃப். பணத்திலும் இது எதிரொலிக்கும். தொடர்ந்து ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியும் முன் பி.எஃப். பணத்தை எடுத்தால் பொதுவாக வரி உண்டு. நிறுவனம் ஆள் குறைத்ததாலோ, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் விலக்கு உண்டு. ஆனால் ஆவணத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா' என்று எழுதியிருந்தால் அந்த விலக்கை எப்படிக் கேட்பீர்கள்?

அப்படியென்றால் ராஜினாமாவே செய்யக் கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. "ரிசைன் பண்ணினா மூணு மாச சம்பளம் தர்றோம்" என்று எழுத்தில் கொடுத்தால், வழக்கு நடத்த நேரமோ தெம்போ இல்லாதவர்களுக்கு அது நல்ல பேரமாகவே இருக்கலாம். முக்கியம், அந்த அறையிலேயே முடிவெடுக்காமல் இருப்பது. "படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன். ஆஃபரை மெயில்ல அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். ராஜினாமாதான் என்று முடிவானாலும், கடிதத்தில் 'நிறுவனத்தின் மறுசீரமைப்பு காரணமாகக் கேட்டுக்கொள்ளப்பட்டதன் பேரில்' என்ற வரி இருக்கட்டும்.

கையில் வரப்போவது எவ்வளவு?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பெங்களூருவில் வேலை செய்யும் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர். மாத மொத்தச் சம்பளம் 1,00,000 ரூபாய், அதில் பேசிக் 50,000. சர்வீஸ் 6 வருடம் 8 மாதம். இரண்டு மாத நோட்டீஸ் சம்பளமும், கூடுதலாக ஒரு மாதச் சம்பளமும் தருவதாக நிறுவனம் சொல்கிறது.

முதல் சிக்கல், நோட்டீஸ் சம்பளம் எதன் அடிப்படையில் என்பது. அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் பாருங்கள். பல நிறுவனங்கள் 'பேசிக் மட்டும்' என்று போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் இவருக்கு 2,00,000 அல்ல, 1,00,000தான் வரும். கூடுதல் ஒரு மாதச் சம்பளம் 1,00,000. எடுக்காத 18 நாள் லீவுக்கு, பேசிக்கை 30 நாளால் வகுத்தால், 30,000. மொத்தம் 2,30,000. வரிப் பிடித்தம் போக 2,00,000 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து கிராஜுவிட்டி. கடைசி பேசிக்கை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலான மிச்சம் ஒரு முழு வருடமாகக் கணக்கிடப்படும், எனவே இவருக்கு 7 வருடம். வருவது சுமார் 2,02,000. பொதுவாக ஐந்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். நான்கரை, நான்கே முக்கால் வருடத்தில் நிற்பவர்கள் கடைசி வேலை நாளைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. நோட்டீஸ் காலம் முழுக்க பேரோலில் இருந்தாலே சிலருக்கு அந்த ஐந்து வருடம் முடிந்துவிடும்.

இவரது சேமிப்பு 2,10,000. எல்லாம் சேர்த்தால் 6,12,000. மாதச் செலவு 75,000. இதில் வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம், இ.எம்.ஐ. எல்லாம் அடக்கம். வெளிச்சாப்பாடு, சந்தாக்களைக் குறைத்து 68,000க்குக் கொண்டுவந்தால் 9 மாதம் ஓடும்.

கேட்க நிம்மதியாக இருக்கிறது, ஆனால் இன்னொரு எண்ணும் இருக்கிறது. செட்டில்மென்ட் பணம் வந்து சேரும் வரை இவர் கையில் இருப்பது 2,10,000 மட்டும்தான். அது மூன்று மாதத்துக்குத்தான் தாங்கும். கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் லேப்டாப்பைத் திருப்பித் தந்த ரசீது இல்லை, ஏதோ ஒரு கிளியரன்ஸ் பாக்கி என்று இழுத்தடிப்பதும் நடக்கிறது. அதனால் 'வந்தால் 9 மாதம், வராவிட்டால் 3 மாதம்' என்று இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். பணம் அக்கவுன்ட்டில் ஏறும் வரை சின்ன எண்ணை நம்பிச் செலவு செய்யுங்கள்.

பலரும் மறந்துவிடும் ஒன்று, அலுவலக மெடிக்கல் இன்ஷூரன்ஸ். பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். அப்பா அம்மாவும் அதில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கவர் முடியும் முன்பே, அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரக் கேளுங்கள். காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழிந்த மாதங்கள் வீணாகாது.

முதல் 60 நாளின் மதிப்பு

"ஒரு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் தேடலாம்" என்று தோன்றும், அது நியாயம்தான். ஆனால் இந்திய ஐ.டி. சந்தைக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே பல நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள். அவசரமாக ஆள் தேவைப்படும் ரெக்ரூட்டர், வேலைவாய்ப்புத் தளங்களில் நோட்டீஸ் காலத்தை வைத்தே தேடலை வடிகட்டுவார். அப்போது '15 நாளுக்குள் சேர முடியும்' என்று இருப்பவர்கள் மேலே வருவார்கள். வேலையில் இருக்கும் உங்கள் நண்பரால் தர முடியாத ஒன்று இப்போது உங்களிடம் இருக்கிறது. ஐந்தாறு மாதம் தாண்டிவிட்டால் அதே காலி இடம் 'ஏன் இவ்வளவு நாளா?' என்ற கேள்வியாக மாறிவிடும்.

ஆகவே முதல் வாரத்திலேயே புரொஃபைலில் நோட்டீஸ் விவரத்தை மாற்றுங்கள். ஓய்வு வேண்டுமென்றால் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள், போதும்.

"ஏன் வெளியே வந்தீங்க?"

இதற்கு இரண்டு வாக்கியம் போதும். "எங்க டீம் முழுக்க ஒரு கிளையன்ட் புராஜெக்டை நம்பி இருந்தது. அது முடிஞ்சதும் 14 பேர்ல 9 பேரைக் குறைச்சாங்க, அதுல நானும் ஒருத்தர்." அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் நீங்கள் செய்த வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். எத்தனை பேர் போனார்கள் என்ற எண்ணைச் சொல்வது உதவும், ஏனென்றால் கேட்பவர் மனதில் 'தனியா இவரை மட்டும் அனுப்பினாங்களா?' என்ற சந்தேகம்தான் ஓடிக்கொண்டிருக்கும். பழைய மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தால் அந்தச் சந்தேகம் பெரிதாகும்.

'கரியர் பிரேக்', 'உயர் படிப்பு' என்றெல்லாம் மாற்றிச் சொல்ல வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் பி.எஃப். பதிவில் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் பார்க்கிறார்கள். இன்னும் பழைய நிறுவனத்தில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு இன்டர்வியூ முடித்தவர்கள், ஆஃபர் வந்த பிறகு மாட்டுவது இங்கேதான். சில சமயம் தப்பு உங்களுடையதாகவே இருக்காது. பழைய நிறுவனம் விலகல் தேதியையே பதிவு செய்யாமல் விட்டிருக்கும். கடைசி பி.எஃப். தவணை ஏறி இரண்டு மாதம் ஆகிவிட்டால், இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் Mark Exit என்ற வசதியில் நீங்களே அதைப் பதிவு செய்யலாம்.

மனசு விட்டுப்போகும்போது

வீட்டில் சொல்லாமல், தினமும் லேப்டாப் பையோடு கிளம்பி காபி ஷாப்பில் உட்காருபவர்கள் இருக்கிறார்கள். அதில் செலவும் கூடும், உதவியும் நின்றுபோகும். மாமாவின் நண்பர் பையன் எந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்பது அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் கேட்கும் பெரியப்பாவுக்கு "வேற கம்பெனி மாறப்போறேன்" என்ற பதில் தாராளமாகப் போதும்.

நிராகரிப்புகளை ஒரே மூட்டையாகச் சுமப்பதுதான் ஆளைச் சோர்வடைய வைக்கிறது. வாரா வாரம் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: அனுப்பியது எத்தனை, அழைப்பு வந்தது எத்தனை, இரண்டாம் சுற்றுக்குப் போனது எத்தனை. மூன்று வாரம் அனுப்பியும் அழைப்பே இல்லையென்றால், கோளாறு ரெஸ்யூமேயிலோ நீங்கள் குறிவைக்கும் பதவியிலோ இருக்கிறது. தெரிந்தவர் மூலம் ரெஃபரல் வாங்கி அனுப்பிப் பாருங்கள். அழைப்பு வந்து முதல் சுற்றிலேயே நின்றால், பாடம் துருப்பிடித்திருக்கிறது. கடைசிச் சுற்று வரை போய் நின்றால், பெரும்பாலும் சம்பள எதிர்பார்ப்பைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். நம் டெஸ்டர் அதை எட்டாவது மாதத்தில் யோசிக்கக் கூடாது. ஐந்தாவது மாதம் முடிவதற்குள் "எவ்வளவு குறைவுன்னா ஒத்துக்குவேன்" என்ற எண் அவரிடம் தயாராக இருக்க வேண்டும்.

பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. லே ஆஃப் ஆனவர்களின் அவசரத்தை நம்பியே இந்தத் தொழில் நடக்கிறது.

ஆஃபர் லெட்டர் வந்ததும் செலவைப் பழையபடி ஏற்றிவிடாதீர்கள். சேரும் தேதியைத் தள்ளிப்போடும் நிறுவனங்கள் உண்டு. பல இடங்களில் 20 அல்லது 25ஆம் தேதியோடு பேரோல் மூடிவிடுவதால், மாதக் கடைசியில் சேர்பவருக்கு முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். அந்த இடைவெளிக்கான செலவையும் 9 மாதக் கணக்குக்குள்ளேயே இப்போதே கழித்து வையுங்கள்.