செங்கல் கணக்கு சரிதானா? எஸ்டிமேட்டை நீங்களே சரிபார்க்கலாம்

வீடு கட்ட மேஸ்திரியோ ஒப்பந்ததாரரோ எஸ்டிமேட் தரும்போது, நம்மில் பலர் கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறோம். ஆனால் தப்பு இருந்தால் அது பெரும்பாலும் அளவில்தான் இருக்கும். ‘செங்கல் 7,800’ என்று மட்டும் எழுதியிருந்தால், நீளம், அகலம், உயரம் போட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த மூன்றும் கிடைத்துவிட்டால் மீதியைச் செல்போன் கால்குலேட்டரிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளி அளவு 25 அடிக்கு 20 அடி. தூண் இல்லாத, சுவர் தாங்கும் கட்டடம். வெளிச்சுவர் 9 அங்குலம், உயரம் 10 அடி. எஸ்டிமேட்டில் நான்கு பக்கத்தையும் கூட்டி 90 அடி என்று போட்டு, 675 கன அடிச் சுவருக்கு 7,800 செங்கல் என்று எழுதியிருக்கிறது. இது சரியா?

முதலில் நீளம். 25 அடிச் சுவர் இரண்டும் மூலை வரை போகின்றன. 20 அடிச் சுவர்கள் அவற்றுக்கு நடுவில் வருவதால், இரண்டு முனையிலும் முக்கால் அடி குறைந்து 18.5 அடிதான். ஆக மொத்தம் 87 அடி. 90 என்று போட்டால் நான்கு மூலையும் இரண்டு தடவை கணக்கில் வந்துவிடும்.

அடுத்து பரப்பளவு. 87 அடியை உயரத்தால் பெருக்கினால் 870 சதுர அடி. இதில் செங்கல் வராத இடங்களைக் கழிக்க வேண்டும். 3.5 அடிக்கு 7 அடி வாசக்கதவு, 3 அடிக்கு 7 அடி பின்கதவு, 4 அடிக்கு 4 அடி ஜன்னல் நான்கு. எல்லாம் சேர்த்து 109.5 சதுர அடி. சுவர் முழுக்கச் சுற்றி வரும் அரை அடி உயர லிண்டல் கான்கிரீட், அது 43.5 சதுர அடி.

மூன்றாவது கன அளவு. 9 அங்குலம் என்றால் 0.75 அடி. அவசரத்தில் 0.9 என்று தட்டிவிட்டால் செங்கல் 20 சதவீதம் கூடிவிடும். கால்குலேட்டரில் இப்படிப் போடுங்கள்:

```
(87×10 − 109.5 − 43.5) × 0.75 = 537.75
```

அதாவது சுமார் 538 கன அடி.

இப்போது செங்கல். 9 × 4½ × 3 அங்குலச் செங்கலுக்குக் கலவை இணைப்பு 10 மில்லிமீட்டர் சேர்த்துக்கொண்டால், ஒரு கன அடிக்கு 11 கல் வரும். உடைசல் 5 சதவீதம் சேர்த்தாலும் சுமார் 6,200 கல் போதும். உங்கள் ஊர்க் கல் சின்னதாக இருந்தால் எண்ணிக்கை கூடும். அதனால் பத்துக் கல்லை வரிசையாக வைத்து அளந்து, பத்தால் வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்டிமேட்டுக்கும் இதற்கும் 1,600 கல் வித்தியாசம். ஒரு கல் 10 ரூபாய் என்று வைத்தால் 16,000 ரூபாய். இதோடு முடியவில்லை. கன அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததால் சிமெண்ட்டும் எம்-சாண்டும் அதே அளவு குறைய வேண்டும். 1:6 கலவையில் 100 கன அடிச் சுவருக்குச் சுமார் மூன்றரை மூட்டை சிமெண்ட் பிடிக்கும். இந்தச் சுவருக்கு 19 மூட்டையும், சுமார் 140 கன அடி மணலும் வரும். 100 கன அடிதான் ஒரு யூனிட். லாரி வந்ததும் மணல் நிற்கும் அளவுக்குத் தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை டேப்பால் அளந்து பெருக்கினால், யூனிட் சரியா என்று தெரிந்துவிடும்.

வித்தியாசம் வந்தாலே ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். கூலிக்கு அளக்கும்போது கதவு, ஜன்னலைக் கழிக்காமல் முழுச் சுவராக எடுப்பது சில மேஸ்திரிகளின் வழக்கம். அப்படிப் பேசி முடித்திருந்தால் கூலியில் அது சரி. ஆனால் அதே அளவைப் பொருள் வாங்கவும் எடுத்தால் கல் மீந்துவிடும். ஆகவே கூலிக்கும் பொருளுக்கும் தனித்தனி அளவு கேளுங்கள்.

எஸ்டிமேட் ரொம்பக் குறைவாக இருந்தாலும் கவனியுங்கள். மேல்மாடிக் கைப்பிடிச் சுவர், உள்ளே வரும் 4½ அங்குலச் சுவர் இரண்டும் அதில் இருக்கின்றனவா? விட்டுப்போயிருந்தால் பாதி வேலையில் ‘எக்ஸ்ட்ரா’ என்று வந்து நிற்கும். விலையில் வண்டி வாடகையும் இறக்குக் கூலியும் சேர்ந்ததா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சுவர், பூச்சு, தரை ஆகியவற்றை இப்படி நாமே சரிபார்க்கலாம். கம்பியின் அளவை மட்டும் நாமாகக் குறைக்கக் கூடாது. அதை வரைபடம் போட்ட பொறியாளரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.